எழுத்தில்லாத காணிப் படம்: முதலில் எங்கே போவது, பதிவகத்துக்கா அளவையாளரிடமா?

நிலாவெளிப் பக்கம் இருபது பேர்ச்சஸ் காணி ஒன்று விலைக்கு வருகிறது என்று ஒரு தரகர் என் அக்காவின் மகனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். மருமகன் கட்டாரில் வேலை செய்கிறான். படத்தை அப்படியே எனக்குத் தள்ளிவிட்டு, "மாமா, காணி நல்ல இடமாம். இந்தக் கிழமைக்குள்ள அட்வான்ஸ் குடுக்கோணும் எண்டு நிக்கிறாங்கள். பிளானைப் பார்த்துச் சொல்லுங்கோ" என்றான்.

படத்தில் பிளான் என்று சொல்லும்படி நாலு கோடுகள் இருந்தன. கீழே சற்றுச் சின்னப் பக்கம், அதையொட்டி இரட்டைக்கோடு. அது ரோட்டாக இருக்கலாம். இடது பக்கக் கோட்டுக்கு உள்ளே அதற்குச் சமாந்தரமாக ஒரு புள்ளிக்கோடு. பின்மூலைக்குக் கிட்ட ஒரு சிறிய வட்டம். வலது பக்கக் கோடு மேல்மூலையைத் தாண்டிப் போய்ப் படத்தின் விளிம்பில் வெட்டுப்பட்டிருந்தது. எழுத்து ஒன்றுகூட இல்லை. இலக்கமும் இல்லை, வடக்குக்குறியும் இல்லை, அளவையாளரின் கையெழுத்துப் பெட்டியும் இல்லை. கேட்டதற்கு, "காணிக்காரரின் விபரம் வெளியே போகக்கூடாது என்று மறைத்துத்தான் அனுப்பினோம்" என்றார் தரகர்.

நான் திருகோணமலை நகரில் உரிமம் பெற்ற அளவையாளர் ஒருவரிடம் பதினெட்டு வருடம் வரைபடம் கீறும் வேலை பார்த்தவன். சட்டத்தரணி இல்லை. ஆனாலும் இப்படி ஒரு படம் கையில் கிடைத்தால் அடுத்து என்ன செய்வது என்று கேட்டு வருகிறவர்கள் அதிகம். அவர்களுக்கு முன்னால் உள்ள வழிகள் மூன்று. படத்தையே அளந்து பார்த்து முடிவெடுப்பது ஒன்று. அளவையாளரை நேரே காணிக்கு அனுப்புவது இன்னொன்று. நொத்தாரிசு மூலம் காணிப் பதிவகத்தில் தேடுவது மூன்றாவது. மருமகனின் காணியை வைத்தே மூன்றையும் ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

படத்தையே அளந்து பார்த்தால்

அண்ணளவாக எவ்வளவு வரும் என்று பார்ப்போமே என்று பலருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. படத்தைத் திரையில் பெரிதாக்கி அடிமட்டம் வைத்தேன். ரோட்டுப்பக்கம் 48 மில்லிமீற்றர், பின்பக்கம் 50, இடது பக்கம் 92, வலது பக்கம் 84. அளவுத்திட்டம் தெரியாததால் இந்த எண்கள் தனியே எதையும் சொல்லாது. நிலத்தில் ஏதாவது ஒரு பக்கத்தை அளந்தால்தான் மற்றவற்றைக் கணக்கிட முடியும். நிலாவெளியில் இருக்கும் என் நண்பன் நாடாவோடு போய் ரோட்டோரம் வேலிக்கு வேலி அளந்து, 50 அடி என்றான்.

48 மில்லிமீற்றர் 50 அடி என்றால் ஒரு மில்லிமீற்றர் கிட்டத்தட்ட 1.04 அடி. நடு அகலம் 49 மில்லிமீற்றர், நடு நீளம் 88 என்று எடுத்துப் பெருக்கினால் ஏறத்தாழ 4,680 சதுர அடி வருகிறது. ஒரு பேர்ச்சஸ் 272.25 சதுர அடி. ஆக 17.2 பேர்ச்சஸ். தரகர் சொன்னதோ இருபது. உடனே "மூன்று பேர்ச்சஸ் பொய் சொல்கிறார்கள்" என்று வாய்வரை வந்துவிட்டது.

ஆனால் அந்த 50 அடி வேலிக்கு வேலி அளந்தது. வேலி எல்லையில்தான் நிற்கிறது என்று யார் சொன்னது? பக்கத்துக் காணிக்காரர் நாலு அடி உள்ளே தள்ளிக் கதியால் நட்டிருந்தால் உண்மையான முகப்பு 54 அடி. அந்த நாலு அடி வித்தியாசம் முகப்போடு நிற்காது. படத்தின் அளவுத்திட்டமே மாறுவதால் நீளமும் சேர்ந்து மாறும். பரப்பளவு 54ஐ 50ஆல் வகுத்து வரும் எண்ணின் வர்க்கத்தால் பெருகும், அதாவது 1.17 மடங்காகும். 17.2 பேர்ச்சஸ் அப்போது 20 பேர்ச்சஸ் ஆகிவிடும். ஒரே படம், ஒரே கணக்கு. வேலி நாலு அடி இங்கே அங்கே என்றால் தரகர் பொய்யர் அல்லது உண்மை சொல்பவர்.

படம் எடுத்த கோணமும் இதே அளவுக்கு ஆளைக் குழப்பும். கடதாசியை மேசையில் வைத்துச் சாய்ந்து நின்று எடுத்தால் தூரத்து விளிம்பு குறுகித் தெரியும். கடதாசியின் நாலு மூலையும் படத்தில் இருந்தால் சாய்வைப் பிடித்துவிடலாம். ஏ4 தாளின் நீளம் அகலத்தைப்போல் 1.41 மடங்கு, ஏ3 தாளுக்கும் அதே விகிதம்தான். படத்தில் எதிரெதிர் விளிம்புகள் சமமாக இல்லாவிட்டால், அல்லது அந்த விகிதம் வராவிட்டால், படம் சாய்ந்திருக்கிறது. எங்களுக்கு வந்த படத்தில் மூலைகள் வெட்டுப்பட்டிருந்ததால் அந்தச் சோதனையைச் செய்ய முடியவில்லை.

எழுத்து இல்லாத படத்துக்கே உரிய ஒரு ஆபத்து இருக்கிறது. இதை யாரும் யோசிப்பதில்லை. எழுத்து இருந்தால் படம் இடம்வலம் திரும்பியிருப்பது பார்த்தவுடனேயே தெரியும், எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இருக்கும். கோடுகள் மட்டும் என்றால் எதுவும் காட்டிக்கொடுக்காது. பழைய பிளான்கள் டிரேசிங் தாளில் இருக்கும், பின்பக்கமாக வைத்துப் படம் எடுத்தாலும் கோடுகள் அதே தெளிவோடு தெரியும். அப்படித் திரும்பிய படத்தைக் கூகுள் வரைபடத்தின்மேல் பொருத்தப் போனால், இடது பக்கப் பாதை வலது பக்கத்து அயலவரின் வேலியோரம் போய் விழும். வடக்குக்குறியும் இல்லாததால் நீள்சதுரமான காணியை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் ஏதோ ஒரு இடத்தில் பொருந்துவதுபோல் தோன்றும். செய்மதிப் படமும் நிலத்திலிருந்து சில மீற்றர் விலகி இருக்கக்கூடும். முகப்பே ஐம்பது அடிதான் என்னும் காணியில் மூன்று மீற்றர் என்பது பத்து அடி, அதாவது முகப்பில் ஐந்தில் ஒரு பங்கு.

குறியீடுகளை ஊகிப்பதும் இப்படித்தான். புள்ளிக்கோடு பாதையாக இருக்கலாம், வாய்க்காலாக இருக்கலாம், கட்டட எல்லையாக இருக்கலாம், இனிமேல் வரப்போகும் ரோட்டுக்கு ஒதுக்கிய துண்டாகவும் இருக்கலாம். பிளானில் அதன் அருகே எழுதியிருக்கும் சொல்தான் அது எது என்று தீர்மானிக்கும். அந்தச் சொல்லை மறைத்துவிட்டுக் கோட்டை மட்டும் காட்டினால், வாங்குகிறவர் தனக்கு வசதியான அர்த்தத்தையே எடுத்துக்கொள்வார். மருமகனும் "அது வேலியாத்தான் இருக்கும்" என்றான்.

ஆகவே இந்த முதல் வழியால் எனக்குக் கிடைத்தது காணியின் வடிவம் பற்றிய ஒரு ஊகம் மட்டுமே. செலவில்லாத வேலைதான், செய்து பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அதில் வந்த எந்த எண்ணையும் வைத்துப் பேரம் பேசக்கூடாது, குற்றமும் சொல்லக்கூடாது. பின்னால் முழுப் பிளான் கிடைக்கும்போது, தரகர் காட்டியது அந்தப் பிளானில் உள்ள துண்டுதானா என்று ஒப்பிடுவதற்குத்தான் இந்தப் படம் உதவும்.

அளவையாளரை முதலில் அனுப்பினால்

வெளிநாட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள்: "காசு போனாலும் பரவாயில்லை, ஒரு சேவையரை விட்டு அளந்துவிடுங்கோ." பொறுப்பான பேச்சுத்தான். ஆனால் அளவையாளர் என்ன செய்வார், என்ன செய்யமாட்டார் என்பதைத் தெரிந்துகொண்டு அனுப்ப வேண்டும்.

முந்தின பிளான் கையில் இல்லாமல் காணிக்குப் போகும் அளவையாளர், அங்கே நிற்பவர் காட்டுகிற எல்லையைத்தான் அளப்பார். "இந்த வேலி, அந்தப் பனை, அப்புறம் இந்தக் கல்" என்று விற்பவரே காட்டினால், விற்பவர் சொன்ன எல்லையே துல்லியமான கோணத்தோடும் தூரத்தோடும் புதிய பிளானாகிவிடும். அதில் அளவையாளரின் முத்திரை இருக்கும், கையெழுத்து இருக்கும். பார்க்கிறவருக்கு அது காணிக்கு உரிமை இருக்கிறது என்று சொல்லும் பத்திரம்போல் தோன்றும். ஆனால் அது காட்டப்பட்ட நிலத்தின் வடிவத்தையும் அளவையும் சொல்கிறதே தவிர, காட்டியவருக்கு அந்த நிலம் உரியது என்று சொல்லவில்லை. பதினெட்டு வருட வேலையில் நான் கண்ட காணிச் சண்டைகளில் பல இந்த இடத்தில் தொடங்கியவைதான். இரண்டு பக்கத்தாரிடமும் ஆளுக்கொரு பிளான் இருக்கும். இரண்டும் சரியாக அளந்த பிளான்கள். இரண்டிலும் அதே நாலு அடித் துண்டு இருக்கும்.

அளவையாளர் முழுப் பயன் தருவது உறுதியில் சொல்லப்பட்ட பழைய பிளானைக் கையில் கொண்டுபோய், அதை நிலத்தின்மேல் பொருத்திப் பார்க்கும்போதுதான். பழைய பிளானில் உள்ள கல், கிணறு, ரோட்டு வளைவு போன்ற மாறாத அடையாளங்களை நிலத்தில் தேடிப் பிடித்து, அவற்றிலிருந்து எல்லைக் கோடுகளைத் திரும்பக் கீறுவார். இன்றைய வேலி அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது அப்போது அடிக்கணக்கில் தெரியவரும். அதற்குப் பிளான் இலக்கம், அளந்த திகதி, அளவையாளரின் பெயர் ஆகிய மூன்றும் வேண்டும். எழுத்தில்லாத படத்தில் மூன்றும் இல்லை. ஆகவே இந்த வழியை முதலில் எடுத்தால், ஒன்றில் காசு வீணாகும், அல்லது விற்பவரின் கதைக்கு நாமே காசு கொடுத்து முத்திரை குத்திக் கொடுத்தவர்களாவோம்.

பதிவகத்தில் தேடினால்

மருமகனிடம் நான் கேட்கச் சொன்னது இரண்டுதான். உறுதியின் எல்லாப் பக்கங்களும், முக்கியமாகப் பதிவு முத்திரை உள்ள பக்கம். அப்புறம் நாலு மூலையும் தெரியும்படி எடுத்த முழுப் பிளான். விபரம் மறைக்க வேண்டும் என்றால் அடையாள அட்டை இலக்கத்தை மறைக்கட்டும், பிளான் இலக்கத்தையும் உறுதி இலக்கத்தையும் மறைக்க ஒரு காரணமும் இல்லை. "இவை வந்தால்தான் அட்வான்ஸ் பற்றிப் பேசலாம்" என்று எழுதச் சொன்னேன். தரகர் மூன்று நாள் இழுத்தடித்துவிட்டு உறுதியை அனுப்பினார்.

பதிவு செய்யப்பட்ட உறுதியில் காணிப் பதிவகத்தின் முத்திரையும், எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் பதிந்தார்கள் என்ற ஃபோலியோ இலக்கமும் இருக்கும். அந்த இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு நொத்தாரிசு திருகோணமலைக் காணிப் பதிவகத்துக்குப் போய் ஏட்டைப் பார்ப்பார். ஒரு காணியைப் பற்றிய உறுதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அங்கே பதியப்பட்டிருக்கும்: அறுதி, நன்கொடை, சீதனம், ஈடு, குத்தகை, நீதிமன்றத்தில் வழக்கு இருந்தால் அதன் அறிவித்தல். பக்கம் நிரம்பினால் வேறு பக்கத்துக்குக் கொண்டுபோயிருப்பார்கள், அதையும் தொடர்ந்து போக வேண்டும். வழக்கமாக முப்பது வருடத்துக்காவது பின்னோக்கிப் பார்ப்பார்கள். நானும் நொத்தாரிசோடு கூடப் போனேன்.

ஏட்டில் இருந்தது இதுதான். தாயும் தகப்பனும் தங்களுக்குச் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு, காணியை இரண்டு மகன்மாருக்குச் சமபங்காக நன்கொடை எழுதியிருக்கிறார்கள். தகப்பன் பிறகு இறந்துவிட்டார். தாய் இருக்கிறார். அதற்குப் பின்னால் ஈடும் இல்லை, வழக்கும் இல்லை. அதோடு பங்கீட்டு உறுதியும் இல்லை.

அந்தக் கடைசி வரிதான் விஷயம். அடுத்த நாள் முழுப் பிளானும் வந்தது. நன்கொடைக்குச் சில வருடம் கழித்து மூத்த மகன் அளவையாளரை வைத்துக் காணியை முன்துண்டு, பின்துண்டு என்று இரண்டாகப் பிரித்துக் கீறுவித்திருக்கிறார். முன்துண்டுதான் விலைக்கு வந்திருந்தது. படத்தில் வலது பக்கக் கோடு மேல்மூலையைத் தாண்டிப் போய் வெட்டுப்பட்டிருந்ததற்குக் காரணமும் புரிந்தது. அது பின்துண்டின் வேலி, அந்தப் பாதியை வெட்டிவிட்டுத்தான் தரகர் அனுப்பியிருக்கிறார்.

பிளானில் இரண்டு துண்டு கீறினால் காணி இரண்டாகிவிடாது. பங்காளிகள் எல்லோரும் நொத்தாரிசு முன் பங்கீட்டு உறுதியில் கையெழுத்து வைத்திருக்க வேண்டும், அல்லது 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் பிரித்துத் தீர்ப்புச் சொல்லியிருக்க வேண்டும். அதுவரைக்கும் மூத்தவருக்கு இருப்பது முழுக் காணியிலும் பிரிக்கப்படாத அரைப்பங்கு. முன்துண்டு என்று ஒன்று சட்டத்தில் இன்னும் பிறக்கவில்லை. அவர் தன் அரைப்பங்கை விற்கலாம், ஆனால் வாங்குகிறவருக்கு வருவது பிளானில் கண்ட நாலு கோட்டுக்குள் இருக்கும் நிலம் அல்ல, லண்டனில் இருக்கும் இளையவரோடு சேர்ந்த கூட்டுரிமை. அதன்மேல் தாயின் சீவிய உரித்தும் இருக்கிறது. அவர் உயிரோடு இருக்கும்வரை அந்த நிலத்தை அனுபவிக்க உரிமை உள்ளவர். அவர் சம்மதித்துக் கையெழுத்து வைக்காமல் அங்கே வீடு கட்டப் போக முடியாது.

எழுத்தில்லாத படத்தைப் பார்த்து இதில் எதையும் ஊகிக்க முடியாது. பங்கிட்ட துண்டும் பங்கிடாத துண்டும் ஒரே மாதிரிக் கோட்டால்தான் கீறப்படும்.

பதிவகத் தேடலுக்கும் எல்லை உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் நடப்பது பத்திரங்களின் பதிவு. உறுதி பதியப்பட்டதா என்பதைத்தான் ஏடு காட்டும், எழுதிக் கொடுத்தவருக்கு உண்மையில் உரிமை இருந்ததா என்பதற்குப் பதிவாளர் உத்தரவாதம் கொடுப்பதில்லை. உரிமையையே பதியும் முறை 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தோடு வந்தது, மக்கள் பிம்சவிய என்று சொல்வது அதைத்தான். அந்த வேலை முடிந்து உரிமைச் சான்றிதழ் கொடுக்கப்பட்ட காணி என்றால் தேடல் சுருக்கமாக முடியும். மற்ற இடங்களில் பழைய முறையேதான். அத்தோடு காணியில் இப்போது யார் இருக்கிறார் என்பது எந்த ஏட்டிலும் இருக்காது. பத்து வருடத்துக்கு மேல் ஒருவர் சொந்தக்காரருக்கு எதிராகத் தடையில்லாமல் ஆண்டுகொண்டிருந்தால், 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தைக் காட்டி அவர் உரிமை கோரலாம். இடம்பெயர்ந்து போய் வருடக்கணக்காக வெறுமனே கிடந்த காணிகள் நிறைந்த எங்கள் மாவட்டத்தில் இது வெறும் பேச்சு இல்லை. அதற்குக் காணிக்கு நேரே போய், அயலில் இரண்டு வீட்டில் விசாரிக்க வேண்டும். நண்பன் நாடாவோடு போன நாளில் அதையும் செய்துவிட்டுத்தான் வந்தான். பின்னுக்கு ஒரு சின்ன வீட்டில் வயதான அம்மா ஒருவர் இருக்கிறார், படத்தில் வட்டமாக இருந்த கிணற்றில்தான் அவர் தண்ணீர் அள்ளுகிறார் என்று சொன்னான். சீவிய உரித்துக்காரர் அவர்தான் என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

உறுதி இல்லாத காணி என்றால்

பதிவகம்தான் முதல் இடம் என்று நான் சொல்வது உறுதிக் காணிக்கு. குச்சவெளி, மூதூர், கந்தளாய் என்று எங்கள் மாவட்டத்தில் பல இடங்களில் மக்கள் இருப்பது அரசகாணியில். கையில் அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ இருக்கும். எழுத்தை மறைத்த படத்தில் அரசகாணித் துண்டும் தனியார் காணித் துண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும், மறைக்கப்பட்ட அந்தத் தலைப்புத்தான் இரண்டையும் பிரித்துக் காட்டுவது.

1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கொடுத்த காணி என்றால் முதலில் போகவேண்டியது பிரதேச செயலகத்தின் காணிப்பகுதிக்கு. அங்கே கொடுப்பனவு யாருடைய பெயரில், அவர் உயிரோடு இருக்கிறாரா, பின்னுரித்தாளி யார் என்று பார்க்க வேண்டும். அந்தச் சட்டத்தை மீறி எழுதிய கைமாற்றம் செல்லாது, நொத்தாரிசு அதை அத்தாட்சிப்படுத்தவும் கூடாது. "பெர்மிட்டை உங்கட பெயருக்கு மாத்தித் தாறம், இப்ப காசைத் தாங்கோ" என்று சொல்பவரிடம் வாங்கும் துண்டுக் கடதாசி எதற்கும் உதவாது. இந்த விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

கடற்கரைக்குக் கிட்ட என்றால் இன்னொன்றும் சேரும். உயர் நீர்மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்கீழ் கரையோர வலயத்துக்குள் வரும், அதற்குள் கட்டுவதற்கு அனுமதி எடுக்க வேண்டும். எழுத்தில்லாத படத்தில் கடல் எந்தப் பக்கம் என்பதே தெரியாது. மருமகனின் காணி அந்த எல்லைக்கு வெளியேதான் இருந்தது.

அட்வான்ஸ் காசு

தரகர் அவசரப்படுத்தியது இதற்காகத்தான். எழுத்தில்லாத படத்தை நம்பி, வாட்ஸ்அப்பில் விலை பேசி, வங்கியில் காசு போட்டுவிட்டால் காணி பிடிபட்டுவிட்டது என்று எண்ணுகிறார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, காணியை விற்பதற்கு மட்டுமல்ல, விற்பேன் என்று உடன்படுவதற்கும் எழுத்து, கையெழுத்து, நொத்தாரிசு, இரண்டு சாட்சி எல்லாம் வேண்டும் என்கிறது. வாட்ஸ்அப் செய்தியையும் பற்றுச்சீட்டையும் வைத்து "காணியை எழுதித் தா" என்று கேட்க முடியாது. கொடுத்த காசைத் திருப்பிக் கேட்க அவை சான்றாக உதவலாம், அதற்கும் அலைய வேண்டிவரும். கட்டாயம் முன்பணம் கொடுக்க வேண்டிய நிலை என்றால் நொத்தாரிசு முன் விற்பனை உடன்படிக்கை எழுதி, அதைப் பதிவும் செய்துவிட்டுக் கொடுப்பதுதான் வழி. அந்த உடன்படிக்கையின் அட்டவணையில் பிளான் இலக்கமும் நாலு எல்லையும் எழுத வேண்டும். இலக்கமில்லாத படத்தை வைத்து அதை எழுத முடியாது என்பதால், அட்வான்ஸை நிறுத்தி வைக்க அதுவே போதுமான காரணம்.

மறுபடியும் அந்தப் பிளான்

பதிவகம் முடிந்த பிறகுதான் அளவையாளரை அனுப்பினோம். முழுப் பிளான் கையில் இருந்ததால் வேலை ஒரே நாளில் முடிந்தது. பிளானின்படி முன்துண்டின் முகப்பு 16.46 மீற்றர், அதாவது 54 அடி. பரப்பளவு 0.0507 ஹெக்டேயர், இருபது பேர்ச்சஸுக்கு ஒரு துளி மேல். தரகர் சொன்ன எண் பொய் இல்லை. படத்தை அளந்து அவரைப் பொய்யர் என்று நான் சொல்லியிருந்தால் அது என் பிழையாகியிருக்கும்.

வலது பக்க வேலி எல்லைக் கோட்டிலிருந்து நாலு அடி உள்ளே நிற்பதும் தெரிந்தது. அந்தத் துண்டு ஏறத்தாழ 1.4 பேர்ச்சஸ். அயலவர் அதை எவ்வளவு காலமாக ஆள்கிறார் என்று விசாரித்தபோது ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். புள்ளிக்கோட்டின் அருகே பிளானில் எழுதியிருந்தது "பின்துண்டுக்கான பத்தடி வழி". இடது பக்கம் நூற்றுமூன்று அடி நீளத்துக்கு அது ஓடுகிறது, 3.8 பேர்ச்சஸ் அதற்குப் போய்விடும். அதில் மதில் கட்டவும் முடியாது, வாகனம் நிறுத்தி அடைக்கவும் முடியாது. ஆக இருபது பேர்ச்சஸுக்கு விலை கேட்கிறார்கள், தகராறில்லாமல் வேலி அடைத்துக்கொள்ளக்கூடியது பதினைந்துக்குக் கொஞ்சம் குறைவு.

மூன்று வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உறுதிக் காணிக்குப் பதிவகத் தேடலைத்தான் நான் முதலில் வைப்பேன். அளப்பதைவிடச் செலவு குறைவு, காணி வாங்கக்கூடியதா இல்லையா என்ற பெரிய கேள்விக்கு அங்கேதான் பதில் தொடங்குகிறது. அதில் தேறிய பிறகு அளவையாளர். விதிவிலக்கு ஒன்று உண்டு: நீங்கள் வாங்குகிறவராக இல்லாமல் ஏற்கெனவே சொந்தக்காரராக இருந்து, அயலவரோடு வேலித் தகராறு மட்டும் என்றால், பழைய பிளானோடு நேரே அளவையாளரிடம் போங்கள். அப்போது பதிவகத்தில் புதிதாகத் தெரிந்துகொள்ள அதிகம் இருக்காது.

மருமகன் தரகரை விட்டுவிட்டுக் காணிக்காரரோடு நேரே பேசினான். பங்கீட்டு உறுதி எழுத லண்டனில் இருக்கும் தம்பி அற்றோணித் தத்துவம் அனுப்ப வேண்டும், அம்மா தன் சீவிய உரித்தைப் பற்றி நொத்தாரிசிடம் தனியாகப் பேசித் தன் விருப்பத்தைச் சொல்ல வேண்டும், அவர் தண்ணீர் அள்ளும் கிணறு முன்துண்டில் இருப்பதால் அந்த உரிமையையும் எழுத்தில் போட வேண்டும். இவை பதிவாகி முடிந்தால் பதினாறு பேர்ச்சஸுக்கு விலை பேசலாம், வேலித் தகராற்றை விற்பவரே தீர்த்துத் தர வேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறான். அற்றோணி இன்னும் வரவில்லை. காசு அவனுடைய வங்கிக் கணக்கில்தான் இருக்கிறது.